நீட் தேர்வில் மைனஸ் மார்க்: தெரியாததை விடுவதா, குத்துவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தப்புக்கு ஒரு மார்க்தானே குறைக்கிறாங்க? அஞ்சு மார்க் போச்சுன்னு ஏன் சொல்றாங்க?

எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் இருக்கிறது விஷயம். நீட் தேர்வில் சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு −1, விட்டுவிட்டால் 0. கேள்வியை விட்டவரோடு ஒப்பிட்டால் தப்பாகப் போட்டவருக்கு ஒரு மார்க் குறைவு. சரியாகப் போட்டவரோடு ஒப்பிட்டால் ஐந்து மார்க் குறைவு, ஏனென்றால் வர வேண்டிய 4 வரவில்லை, கையில் இருந்த 1-உம் போகிறது.

கணக்கு ஒரே வரிதான்:

நிகர மதிப்பெண் = (4 × சரி) − தவறு

இந்த வரியைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் 2024-இல் நடந்த களேபரமும் புரியும். அந்த ஆண்டு முடிவுகளில் சிலருக்கு 718, 719 என்று மதிப்பெண் வந்தது. 180 கேள்வி, மொத்தம் 720. ஒன்றை விட்டால் 716, ஒன்று தப்பானால் 715. 720-க்கும் 716-க்கும் நடுவில் எந்த எண்ணும் வரவே முடியாது. மாணவர்கள் அதைத்தான் கேட்டார்கள். தேர்வு நேரம் வீணானதற்காக 1563 பேருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்ததால் வந்த எண்கள் அவை என்று தேசியத் தேர்வு முகமை விளக்கியது. பிறகு அந்த மதிப்பெண் ரத்தாகி, அவர்களுக்கு மறுதேர்வு வாய்ப்பு தரப்பட்டது.

அதே ஆண்டு இயற்பியலில் அணுவைப் பற்றிய ஒரு கேள்விக்கு இரண்டு விடைகளை முதலில் ஏற்றுக்கொண்டார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் போய், டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள் பார்த்து, நான்காவது விடை மட்டுமே சரி என்றார்கள். இரண்டாவதைக் குறித்திருந்தவர்களுக்கு +4 என்பது −1 ஆனது. 720 வாங்கியிருந்த 44 பேர் ஒரே கேள்வியில் 715-க்கு வந்தார்கள். அந்த ஐந்து மார்க் இதுதான்.

சுத்தமா தெரியாத கேள்வி. இங்கி பிங்கி பாங்கி போட்டா லாபமா, நஷ்டமா?

நீட் தேர்வைப் பொறுத்தவரை, சராசரியில் சின்ன லாபம்.

நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், நான்கு முறைக்கு ஒரு முறை சரியாக விழும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று சரி என்றால் +4, மூன்று தப்பு என்றால் −3. நான்கு கேள்விக்கு ஒரு மார்க் மிச்சம், அதாவது ஒரு கேள்விக்குக் கால் மார்க்.

கால் மார்க் என்பது சராசரிதான். உங்களுக்குக் கிடைப்பது ஒன்று +4, இல்லையேல் −1. ஒரே ஒரு கேள்வியைக் குத்தினால் நான்கில் மூன்று முறை நஷ்டம்தான் கண்ணில் படும். எண்ணிக்கை கூடக் கூடத்தான் அந்தக் கால் மார்க் தலைகாட்டும்.

இருபது கேள்விகளைக் குருட்டாம்போக்கில் போடுவதாக வைத்துக்கொள்வோம். எதிர்பார்ப்பு 5 சரி, 15 தப்பு, நிகரம் +5. ஆனால் எல்லோருக்கும் 5 சரியாக விழாது. நான்கு விழுந்தால் நிகரம் சைபர். மூன்றோ அதற்குக் கீழோ விழுந்தால் நஷ்டம். இதே காரியத்தை நூறு பேர் செய்தால் ஏறத்தாழ 58 பேருக்கு லாபம், 19 பேருக்குச் சைபர், மீதி 23 பேருக்கு நஷ்டம். இரண்டு மட்டும் சரியானவருக்கு −10, எட்டு சரியானவருக்கு +20. இவ்வளவு ஏற்ற இறக்கம் உள்ள இடத்தில் +5 சராசரியை நம்பிப் படிக்காமல் விட முடியாது. அதே சமயம் "தெரியாததைத் தொட்டாலே மார்க் போய்விடும்" என்று பல பயிற்சி வகுப்புகளில் சொல்வதும் கணக்கில் நிற்காது.

அப்படின்னா மைனஸ் மார்க் வெறும் பயமுறுத்தலா? எதுக்காக வச்சிருக்காங்க?

குருட்டாம்போக்கில் போடுவதால் வரும் லாபத்தைச் சைபர் ஆக்குவதற்காக வந்த ஏற்பாடு. அதற்கு ஒரு பழைய விதி உண்டு: விடைகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, ஒரு கேள்விக்கான மதிப்பெண்ணை அதனால் வகுத்துக் கழிக்க வேண்டும். நான்கு விடை என்றால் மூன்றில் ஒரு பங்கு. ஐந்து விடை என்றால் நான்கில் ஒரு பங்கு.

யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வு இந்த விதிப்படி நடக்கிறது. பொது அறிவுத் தாளில் ஒரு கேள்விக்கு 2 மார்க், நான்கு விடை, தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. நான்கு கேள்வியைக் குத்தி ஒன்று சரியானால் +2. மூன்று தப்புக்கும் சேர்த்து −2. மிச்சம் ஒன்றுமில்லை. ஐ.பி.பி.எஸ். வங்கித் தேர்வில் ஐந்து விடை, நான்கில் ஒரு பங்கு கழிவு. அங்கேயும் சைபர்தான்.

நீட் தேர்வில் விடைகள் நான்கு, கழிவோ நான்கில் ஒரு பங்கு. ஐந்து விடை உள்ள தேர்வுக்குப் பொருந்தும் கழிவை நான்கு விடைத் தேர்வில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கால் மார்க் லாபம் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். முதல் கட்டத் தேர்விலும் இதே கதைதான்: 2 மார்க் கேள்விக்கு அரை மார்க் கழிவு, நான்கு விடை.

ஆகவே "மைனஸ் மார்க் இருந்தால் குத்தலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எத்தனை விடை, எவ்வளவு கழிவு என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கணக்கு லாபம்னு சொல்லுது. ஆனா என் பொண்ணு ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் குத்தினதுல நஷ்டம்தான் படறா. ஏன்?

ஒரு தேர்வில் என்றால் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். ஒவ்வொன்றிலும் என்றால், அவர் செய்வது குருட்டாம்போக்கு அல்ல.

சீட்டுக் குலுக்குவது போல விடை எடுத்தால்தான் நான்கில் ஒன்று என்ற கணக்கு செல்லும். மாணவர்கள் அப்படி எடுப்பதில்லை. கேள்வியைப் படிக்கிறார்கள், அரைகுறையாக ஏதோ நினைவுக்கு வருகிறது, "இதுதான் மாதிரி இருக்கு" என்று ஒன்றைத் தொடுகிறார்கள். கேள்வி தயாரிப்பவர் அந்த அரைகுறை நினைவுக்காகவே ஒரு விடையை அங்கே வைத்திருப்பார். இயற்பியல் கணக்கில் ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டால் என்ன வருமோ அது ஒரு விடையாக இருக்கும். சென்டிமீட்டரை மீட்டராக மாற்ற மறந்தால் வரும் எண்ணும் இருக்கும். உயிரியலில் மைட்டாசிஸையும் மியாசிஸையும் குழப்பிக்கொள்பவருக்கு என்றே ஒன்று காத்திருக்கும். தப்பாகப் புரிந்துகொண்ட மாணவர், ஒன்றுமே தெரியாதவரை விடக் குறைவாகச் சரியாகப் போடுவார். நான்கில் ஒன்று என்பது எட்டில் ஒன்றாகக்கூட இறங்கலாம்.

நீட் தேர்வில் லாபமும் நஷ்டமும் பிரியும் எல்லை ஐந்தில் ஒன்று. ஐந்து கேள்வியில் ஒன்று சரி, நான்கு தப்பு என்றால் +4−4, சைபர். உங்கள் ஊகம் ஐந்தில் ஒன்றுக்கு மேல் சரியாகிறதென்றால் போடலாம். கீழே என்றால் விட்டுவிட வேண்டும். குருட்டாம்போக்கு (நான்கில் ஒன்று) இந்த எல்லைக்குக் கொஞ்சம்தான் மேலே. பொறி வைத்த விடைகள் அந்தக் கொஞ்சத்தை எளிதாகத் தின்றுவிடும்.

வேடிக்கை என்னவென்றால், சுத்தமாகத் தெரியாத கேள்வியில் விடைகளைப் படிக்காமலே முன்கூட்டித் தீர்மானித்த ஒரு எண்ணைக் குறிப்பது, படித்துவிட்டு மயங்குவதை விடப் பாதுகாப்பானது.

ரெண்டு ஆப்ஷனை நீக்கிட்டேன், மீதி ரெண்டுல குழப்பம். போடலாமா?

போடுங்கள். நான்கில் ஒன்றை நீக்கி மூன்றில் ஒன்றைப் போட்டால் சராசரி லாபம் மூன்றில் இரண்டு மார்க். இரண்டை நீக்கிவிட்டால் ஒன்றரை மார்க். குருட்டாம்போக்கின் கால் மார்க்கோடு பார்த்தால் ஆறு மடங்கு.

நீங்கள் நீக்கிய இரண்டில் சரியான விடையும் போய்விட்டிருந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். பத்துக் கேள்வியில் இப்படி இரண்டிரண்டாக நீக்குகிறீர்கள். ஏழில் சரியான விடை மீதி இரண்டுக்குள் இருக்கிறது, மூன்றில் அதையே நீக்கிவிட்டீர்கள். அந்த ஏழில் பாதி, அதாவது மூன்றரை சரியாகும். பத்துக்கு மூன்றரை என்பது ஐந்தில் ஒன்று என்ற எல்லைக்கு நன்றாகவே மேலே. கேள்விக்கு முக்கால் மார்க் லாபம் வரும். நீக்குவதில் பத்துக்கு ஆறு தடவை தப்பு செய்தால்தான் லாபம் சைபர் ஆகும்.

மாதிரித் தேர்வில் 38 தப்பு, 38 மார்க் போச்சு. இனி குத்தறதை நிறுத்திடவா?

நிறுத்துவதற்கு முன்னால் அந்த 38-ஐப் பிரித்துப் பாருங்கள். தப்பான ஊகங்களை மட்டும் எண்ணிவிட்டுச் சரியான ஊகங்களை "அது எனக்குத் தெரிந்தது" என்ற கணக்கில் சேர்த்துக்கொள்வது எல்லோரிடமும் உள்ள பழக்கம். அதனால் ஊகம் எப்போதும் நஷ்டமாகவே தெரியும்.

செய்ய வேண்டியது இது. தேர்வு எழுதும்போதே கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் ஒரு குறி போடுங்கள்: உறுதி என்றால் ஒரு டிக், இரண்டில் குழப்பம் என்றால் ஒரு கோடு, சுத்தமாகத் தெரியவில்லை என்றால் ஒரு புள்ளி. விடைக்குறிப்பு வந்த பிறகு, மூன்று வகைக்கும் சரியையும் தப்பையும் தனித்தனியாக எண்ணுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு விடைத்தாளைக் கட்டிப் பார்ப்போம். 165 கேள்வி எழுதி, 15 விட்டிருக்கிறார். மொத்தம் 127 சரி, 38 தப்பு. நிகரம் 508 − 38 = 470.

டிக் போட்டவை 110. அதில் 102 சரி, 8 தப்பு; 408 − 8 = 400. கோடு போட்டவை 35. அதில் 21 சரி, 14 தப்பு; 84 − 14 = 70. புள்ளி வைத்தவை 20. அதில் 4 சரி, 16 தப்பு; 16 − 16 = 0.

இப்போது கதை மாறுகிறது. அதிகத் தப்பு விழுந்தது புள்ளி வகையில், ஆனால் அங்கே ஒரு மார்க்கும் நிகரமாகப் போகவில்லை. "ரிஸ்க் வேண்டாம்" என்று கோடு வகையையும் சேர்த்து நிறுத்தியிருந்தால் 470 வெறும் 400 ஆகியிருக்கும். 14 மார்க் நஷ்டம் மாதிரி தெரிந்த இடத்தில் 70 மார்க் லாபம் ஒளிந்திருந்தது.

என்னைக் கேட்டால், இந்தத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது அந்த எட்டு உறுதியான தப்புகளை. தெரிந்த கேள்விகளில் விழுந்தவை என்பதால் தலா ஐந்து என்று 40 மார்க். இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஏன் தப்பானது என்று பக்கத்தில் எழுதினால், பெரும்பாலும் சில காரணங்களே திரும்பத் திரும்ப வரும். "தவறான கூற்று எது?" என்பதைச் சரியான கூற்று என்று படித்தது ஒன்று. அலகு மாற்ற மறந்தது ஒன்று. இன்னொன்று ஓ.எம்.ஆர். தாளில் வரிசை தவறுவது. ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததன் விடையை விட்ட கேள்வியின் வட்டத்தில் குறித்துவிட்டால், அதைக் கவனிக்கும் வரை எல்லாம் ஒரு வரி மேலே போய்க்கொண்டிருக்கும். தொடர்ச்சியாக ஐந்தாறு தப்பு வந்திருந்தால் கேள்வித்தாளில் நீங்கள் டிக் அடித்த விடையையும் ஓ.எம்.ஆர். நகலில் கறுத்திருப்பதையும் ஒப்பிடுங்கள். சந்தேகம் உடனே தீரும்.

புள்ளி வகையைப் பற்றி ஒரே தேர்வை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். இருபதில் நான்கு சரி என்பது அதிர்ஷ்டத்தின் ஆட்டமாகவும் இருக்கலாம், பொறியில் விழும் பழக்கமாகவும் இருக்கலாம். பல தேர்வுகளைச் சேர்த்து நூறு புள்ளிக் கேள்விகள் திரண்ட பிறகு பார்த்தால், 25-ஐ ஒட்டி இருக்கிறதா, 20-க்குக் கீழே கிடக்கிறதா என்று ஓரளவு தெரியும். பாடவாரியாகப் பிரிப்பது இன்னும் நல்லது. உயிரியல் ஊகம் பலிப்பவருக்கு இயற்பியல் ஊகம் காலை வாரிவிடலாம்.

தெரியாததுக்கெல்லாம் மூணாவது ஆப்ஷனையே போட்டா நல்லதாமே?

சராசரி மாறாது. எதை எடுத்தாலும் நான்கில் ஒன்றுதான். விடைகள் நான்கு எண்களுக்கும் சரிசமமாகப் பிரிந்திருந்தால் 180-க்கும் ஒரே எண்ணைக் குறிப்பவருக்கு ஏற்ற இறக்கம் குறையும், அவ்வளவே. பத்துப் பதினைந்து கேள்விக்கு அதுவும் பெரிதாக உதவாது. ஒரே எண்ணைப் போடுவதில் உள்ள உண்மையான நன்மை, நேரம் போகாது, பொறி விடை இழுக்காது.

ஒண்ணுமே படிக்காம 180-ஐயும் குத்தினா தகுதி மார்க் வந்துடுமா?

வராது. சராசரியாக 45 சரி, 135 தப்பு, நிகரம் 45. பெரும்பாலானவர்களுக்கு −13-க்கும் 103-க்கும் நடுவில் விழும். 2025-இல் பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 144. எல்லாவற்றையும் குறித்து அதை எட்ட 65 கேள்வி சரியாக விழ வேண்டும். ஆயிரம் பேர் முயன்றால் ஒருவருக்கு அது கைகூடினாலே அதிகம். தகுதி பெற்றுவிட்டாலும் 144-க்கு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இடத்தை நினைத்துப் பார்க்க முடியாது.

கால் மார்க் லாபம்தானே? அதுக்காக விடாம எல்லாத்தையும் போடணுமா?

கட்டாயம் இல்லை. 15 கேள்வியை விடாமல் குத்தினால் சராசரியில் கிடைப்பது நான்கு மார்க்குக்கும் குறைவு. அந்த நேரத்தில் ஒரு கணக்கைத் திரும்பச் சரிபார்த்துத் திருத்தினால் ஐந்து மார்க். நேரம் இருந்தால் இரண்டையும் செய்யலாம், நேரம் இல்லை என்றால் எது முதலில் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு நுணுக்கம் உண்டு. மொத்த மதிப்பெண் சமமானால் நீட் தரவரிசையில் முதலில் உயிரியல், பிறகு வேதியியல், பிறகு இயற்பியல் மதிப்பெண் பார்க்கப்படும். அவையும் சமமானால் தப்பான விடைகளுக்கும் சரியான விடைகளுக்கும் உள்ள விகிதம் பார்க்கப்படும். விகிதம் குறைந்தவர் முன்னே. ஒருவர் ஐந்து கேள்வியை விட்டார், இன்னொருவர் அதே ஐந்தைக் குத்தி ஒன்று சரி, நான்கு தப்பு. இருவருக்கும் அந்த ஐந்தில் கிடைத்தது சைபர்தான். ஆனால் விகிதம் பார்க்கும் இடத்தில் விட்டவர் முந்துவார். இந்தக் கட்டம் வரை போவது குறைவு என்றாலும், ஊகத்தின் விலை நிகர மதிப்பெண்ணோடு முடிந்துவிடுவதில்லை.

ஒரே கேள்விக்கு இரண்டு வட்டத்தைக் கறுத்தால் அது தப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும். "ரெண்டுல ஒண்ணு சரிதானே" என்று நினைத்துச் செய்தால் −1 நிச்சயம்.

அண்ணன் யு.பி.எஸ்.சி., டி.என்.பி.எஸ்.சி. ரெண்டும் எழுதறான். அவனுக்கும் இதே கணக்குதானா?

இரண்டுக்கும் வேறு வேறு. யு.பி.எஸ்.சி.யில் எல்லை நான்கில் ஒன்று. குருட்டாம்போக்கு சரியாக அந்த எல்லையில் நிற்கிறது, ஆகவே லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. ஏற்ற இறக்கம் மட்டும் மிச்சம். ஒரு விடையையாவது உறுதியாக நீக்க முடிந்தால் கேள்விக்கு 0.22 மார்க், இரண்டை நீக்கினால் 0.67 மார்க்.

அதே தேர்வின் இரண்டாம் தாளான சிசாட்டில் 200-க்கு 66 எடுத்தால் போதும், அது தரவரிசையில் சேராது. ஒவ்வொரு கேள்விக்கும் 2.5 மார்க் என்பதால் தப்பே இல்லாமல் 27 சரி போதும். பத்துத் தப்பு இருந்தால் 30 சரி வேண்டும். அந்த 66-ஐத் தாண்டிவிட்டதாக நம்பினால் அங்கே ஒரு கேள்வியைக்கூடக் குத்தக் காரணம் இல்லை. இன்னும் எட்டவில்லை என்றால் குத்தித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

டி.என்.பி.எஸ்.சி.யில் தப்புக்குக் கழிவே கிடையாது. குரூப் 4-இல் 200 கேள்விக்கு 300 மார்க், கேள்விக்கு 1.5. தெரியாத இருபதைக் குருட்டாம்போக்கில் குறித்தால் சராசரியாக 7.5 மார்க், நஷ்டத்துக்கு வழியே இல்லை. ஐந்தாவதாக "விடை தெரியவில்லை" என்று ஒரு வட்டம் இருக்கும். அதைக் கறுத்தால் கிடைப்பது சைபர். நேர்மையாகத் தெரியவில்லை என்று சொன்னவருக்கு இந்த ஏற்பாட்டில் ஒன்றும் கிடைப்பதில்லை என்பது எனக்கு உறுத்தல்தான். ஆனாலும் தேர்வறையில் உங்கள் அண்ணன் ஏ, பி, சி, டி-க்குள் ஏதாவது ஒன்றைக் கறுப்பதுதான் சரி. யு.பி.எஸ்.சி. எழுதிய பழக்கத்தில் அங்கேயும் குத்தாமல் அந்த ஐந்தாவது வட்டத்தைக் கறுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஒரு கேள்விக்கு 0.375 வீதம் அவர்கள் சும்மா இழக்கிறார்கள்.